சுவருக்குள் ஒரு துள்ளல்

சித்தி வேலை முடிந்து வீடு திரும்பியபோது, கணவரின் முதல் தாரத்து மகள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கைப்பந்து உடையைக்கூட மாற்றவில்லை. பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வலது கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இங்க உக்காந்திருக்க? சாவி இல்லையா?"

"சாவி இருக்கு சித்தி. ஏற முடியல." சிரிக்கப் பார்த்தாள். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, போயிடும்."

அவளை அணியில் எல்லோரும் சுவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வலைக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றால் எதிராளி அடிக்கிற பந்து அப்படியே திரும்பிப் போய்விடும். பதினாறு வயதிலேயே அப்பாவைவிட நாலு விரற்கடை உயரம். அந்தச் சுவர் இன்று படியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

சித்திக்கு வேலை ஆஸ்பத்திரி இதயப் பிரிவில். நெஞ்சிலும் கைகாலிலும் ஒட்டுப்பட்டைகளை ஒட்டி ஈசிஜி எடுப்பது. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேகம் அதிகம், அதுகூடப் பரவாயில்லை, விளையாடிவிட்டு வந்த பிள்ளை. ஆனால் இரண்டு மூன்று துடிப்பு ஒழுங்காக வரும், அடுத்தது அவசரப்பட்டு முன்னாலேயே எட்டிப் பார்க்கும், பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் ஒரே போடாக ஓர் அடி.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சித்தி, நாளைக்கு கணக்குப் பரீட்சை."

"கணக்கு எங்கயும் ஓடிடாது. எந்திரிடி."

வாடகைக் காரில் போகும் வழியிலேயே சித்தி கணவருக்குப் போன் செய்தாள். அவர் மின்தூக்கி மெக்கானிக். எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்தில் தொங்கிக்கொண்டிருந்தாரோ, கையில் கிரீஸோடு அவர்களுக்கு முன்னாலேயே அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றார்.

ஈசிஜியை சித்தி எடுக்கவில்லை. சொந்தப் பிள்ளைக்குத் தானே எடுக்க வேண்டாம் என்று சக ஊழியர் ஒருவரை எடுக்கச் சொன்னாள். காகிதம் ஊர்ந்து வெளியே வர வர நின்று பார்த்தாள். ஒழுங்கான சிறு முகடுகளுக்கு நடுவே, அங்கங்கே ஒரு கோணல் மாணலான பெரிய முகடு. அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியது டாக்டர்.

டாக்டரம்மா நோயாளிகளின் இதயத்துக்குப் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர் வைப்பவர். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேட்டரி டாக்டர் என்று பெயர், அது அவருக்கும் தெரியும். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"இன்னைக்கு என்னம்மா குடிச்ச?"

"தண்ணிதான்."

"தண்ணி குடிச்சு இப்படி ஓடுற இதயத்த நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. நீயே சொல்லிடு. இல்லன்னா உன் அப்பா என்னென்னமோ நினைச்சுக்கிட்டு நிக்கிறார் பாரு."

உண்மைதான். அப்பாவின் முகம் பேயறைந்தது போல இருந்தது. மகள் அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள்.

"எனர்ஜி டிரிங்க். பெரிய டப்பா. காலைல ஒண்ணு, மேட்சுக்கு முன்னாடி ஒண்ணு."

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு மாசமா. முதல்ல எப்பவாவது. இப்ப தினமும்."

அப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "ஜூஸ்தானே டாக்டர்? கடைல எல்லாரும் வாங்குறாங்களே!"

"கடைல விக்கிறதாலயே அது ஜூஸ் ஆயிடாதுங்க." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "வீட்ல வேற யாருக்காவது இதய நோய் உண்டா? சின்ன வயசுல திடீர்னு மயங்கி விழுந்தது, இறந்துபோனது, அப்படி யாராவது? அம்மா பக்கத்துல?"

சித்திக்கு அந்தப் பதில் தெரியாது. மகள்தான் மெல்லச் சொன்னாள்: "அம்மா இறந்தது கிட்னியால. நெஞ்சுல ஒண்ணுமில்ல." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "அம்மா மாதிரி எனக்கும் ஏதாவது பெருசா இருக்கா டாக்டர்?"

அப்போதுதான் சித்திக்குப் புரிந்தது, படியில் தனியே உட்கார்ந்து அந்தப் பெண் எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள் என்று. பக்கத்தில் போய் நின்று அவள் தோளில் கை வைத்தாள்.

"அத பாக்கத்தான் போறோம்," என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கு இங்கயே இரு."

ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளைச் சோதித்தார்கள்; சரியாக இருந்தன. விடிவதற்குள் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. மறுநாள் ஸ்கேனில் இதயத்தின் சுவர்கள், வால்வுகள் எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு முழுநாள் துடிப்பைப் பதிவுசெய்ய, தீப்பெட்டி அளவு ஹோல்டர் கருவி ஒன்றை நெஞ்சில் மாட்டினார்கள்.

டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "பகல் முழுக்க மூளைல களைப்பு சேரும். போதும், படுன்னு அது சொல்லும். காஃபின் அந்தச் சொல்ல மறைச்சிடும், களைப்ப போக்காது. சாயங்காலம் குடிச்சதுல பாதி, ராத்திரி படுக்கப் போறப்பவும் உடம்புலயே இருக்கும். தூக்கம் வராது, வந்தாலும் ஆழமா இருக்காது. காலைல எந்திரிக்க முடியாது. உடனே இன்னொரு டப்பா. செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"சர்க்கரை?" என்றாள் சித்தி.

"ஒரு பெரிய டப்பால பன்னிரண்டு ஸ்பூனுக்கு மேல. குப்புனு ஏத்திவிடும், கொஞ்ச நேரத்துல தொப்புனு போடும். அப்புறம் அதுல டாரின் அப்படின்னு ஒண்ணு சேக்குறாங்க. அது நம்ம உடம்பே செய்யுற பொருள், மீன்லயும் கறிலயும் இருக்கு. தனியா அதுமேல பழி போட முடியாது. ஆனா காஃபினோட சேர்ந்து இதயத் தசைல என்ன செய்யுதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஒண்ணு தெரியும். இந்தப் பானத்த குடிக்க வெச்சு சோதிச்சப்ப, ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் அடுத்ததுக்குத் தயாராக எடுக்குற நேரம் கொஞ்சம் நீளுது, ரத்த அழுத்தமும் ஏறுது. வெறும் காஃபினவிடக் கூடுதலா. உனக்கும் அந்த நேரம் நேத்து கொஞ்சம் நீண்டுதான் இருந்துச்சு. அதோட தூக்கமில்ல, மேட்சு, ஓட்டம். இதயம் துள்ளாம என்ன பண்ணும்?"

"அப்ப கைப்பந்து வேண்டாம்," என்றார் அப்பா ஒரே முடிவாக. "படிச்சா போதும்."

மகள் விருட்டென்று எழுந்தாள். "நான் டப்பாவ விட்டுடுறேன். விளையாட்ட விட மாட்டேன்."

"உயிரவிடப் பெருசா விளையாட்டு?"

சித்தி குறுக்கே வந்தாள். "ஏங்க, தப்பு பண்ணது டப்பா, பந்து இல்ல. பந்த பிடுங்கினா அவ நம்மகிட்ட எதையும் சொல்ல மாட்டா. டாக்டர் எப்ப சரின்னு சொல்றாங்களோ அப்ப விளையாடட்டும். அதுவரைக்கும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

டாக்டரம்மா தலையாட்டினார். கருவி பதிவுசெய்வதைப் பார்த்தபின் சில வாரம் ஓய்வு என்றும், பிறகு மறுபடியும் கருவி மாட்டி, ஓடவிட்டுப் பார்த்துத்தான் களத்துக்கு என்றும் முடிவானது. அதுவரை மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும்.

விடுவது வாயால் சொல்கிற மாதிரி இல்லை. முதல் சில நாள் மகளுக்குத் தலை பிளந்தது. வகுப்பில் தூங்கி விழுந்தாள். வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். ரொட்டி கருகியிருக்கிறது என்று ஒரு சண்டை, கருகவில்லை என்று ஒரு சண்டை. சித்தி பதிலுக்குக் கத்தவில்லை; ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. படுக்கிற நேரம் வந்தால் மூன்று பேரின் போனும் சமையலறை அலமாரியில். அப்பா முனகினார். "எனக்கு எதுக்கு?" "உங்க குறட்டைக்கு போன் தேவையில்ல," என்றாள் சித்தி. மகள் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு மாலை, மகள் வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு டப்பாவை வைத்தாள். பாதி காலி.

"கிரவுண்டுல சும்மா பாக்கப் போனேன். எல்லாரும் குடிச்சாங்க. நானும் குடிச்சுட்டேன். பாதில நிறுத்திட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க."

சித்திக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மீதியைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே அந்தக் கோபத்தையும் சேர்த்து ஊற்றினாள்.

"நெஞ்சு துள்ளுதா?"

"இல்ல."

"சரி. இன்னைக்குத் தூக்கம் லேசுல வராது. புரண்டுகிட்டுக் கெட. ஆனா நாளைக்கு அதே நேரத்துக்கு எந்திரிக்கணும், பகல்ல தூங்கக் கூடாது. ஒரு நாள் சறுக்கினா மொத்தமும் போச்சுன்னு அர்த்தமில்ல."

"அப்பாகிட்ட?"

"நீயே சொல்லு."

சொன்னாள். "சொன்னியே, அது போதும்," என்றார் அவர்.

அதற்கப்புறம் அவள் சறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. எழுப்பாமலே எழுந்தாள். இரண்டாவது கருவிப் பதிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "அங்கங்க ஒண்ணு ரெண்டு கூடுதல் துடிப்பு இருக்கு. நல்லா இருக்குற பலருக்கும் இது இருக்கும்," என்றார். நீண்டிருந்த அந்த நேரமும் சரியாகியிருந்தது. ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் மூச்சு வாங்க வாங்க ஓடியபோதும் கோடு ஒழுங்காகவே போனது. "போ. விளையாடு."

மகள் தனியாக மைதானத்துக்குப் போகவில்லை. கோச்சைப் பார்க்க வேண்டும், நீங்களும் வாங்க என்று சித்தியை அழைத்துப் போனாள். போனதும் சித்தியை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டாள்.

"சார், டீம்ல பாதி பேர் டப்பால ஓடிக்கிட்டிருக்காங்க. ராத்திரி டியூஷன், விடியுறதுக்கு முன்னாடி பயிற்சி. தூங்கவே நேரமில்ல. காலைப் பயிற்சிய சாயங்காலத்துக்கு மாத்துங்க."

கோச் விசிலைச் சுழற்றினார். "நீ இல்லாதப்ப உன் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு, தெரியும்ல? வந்ததும் எனக்கே அட்டவணை போடுறியா?"

"இடம் போனா போகட்டும் சார். மறுபடி பிடிச்சுக்கிறேன். ஆனா இது எல்லாருக்காகவும் கேக்குறேன். எனக்கு வந்தது நாளைக்கு வேற யாருக்காவது மேட்சு நடுவுல வந்தா?"

தூரத்தில் நின்ற சித்திக்குக் கால் பரபரத்தது, போய் இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று. போகவில்லை. அந்தப் பெண் குரலை உயர்த்தவும் இல்லை, ஓரடி பின்வாங்கவும் இல்லை. கோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெஞ்சில் கிடந்த டப்பாக்களையும் பார்த்தார்.

"முழுசா மாத்த முடியாது," என்றார் கடைசியில். "வாரத்துல மூணு நாள் சாயங்காலம். மத்த நாள் காலைல ஒரு மணி நேரம் தள்ளி. டப்பா இனிமே பெஞ்சு பக்கம் வரக் கூடாது. போதுமா?"

"இப்போதைக்குப் போதும் சார்."

"இப்போதைக்கா!" கோச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, மாற்று ஆட்டக்காரங்க வரிசைல நில்லு."

அவள் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றாள். தோழிகளில் ஒருத்தி மட்டும், "டப்பா போச்சு, எல்லாம் உன்னால," என்று முறைத்தாள். இன்னொருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே அவளுக்குப் பந்தைத் தட்டிவிட்டாள். சித்தி படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியைப் பிரித்தாள். பயிற்சி முடிய இன்னும் நேரமிருந்தது.