பதினொன்னு நாப்பத்திரண்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா இந்தக் கதையில நான் ஏன் இப்படி நடந்துக்கிட்டேன்னு உங்களுக்குப் புரியாது. கோபக்காரன் மனசுல கள்ளம் இருக்காதுன்னு சொல்வாங்க. நானும் நாப்பது வயசு வரைக்கும் அதை நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவுன்னா பெரிய படையெல்லாம் இல்லை, ரெண்டே பேர். நானும், துப்பு மேடமும். அந்தப் பேரை வச்சது நான்தான். ஒரு எலி மவுஸ் வயரைக் கடிச்சாக்கூட எந்த எலி, எந்த வழியா வந்துச்சுன்னு துப்புத் துலக்காம விடமாட்டாங்க. முகத்துக்கு நேரா மேடம்னுதான் கூப்பிடுவேன்.

ரெண்டு மாசம் முன்னாடி அவங்கதான் முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்லயும் சிஸ்மான்னு ஒரு கண்காணிப்புப் புரோகிராமை ஏத்தினாங்க. எந்தப் புரோகிராம் எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு, யார் பேர்ல, என்ன கட்டளையோட, அதைக் கிளப்பி விட்டது எதுன்னு எல்லாத்தையும் அது குறிச்சு வைக்கும். அது போதாதுன்னு, கட்டளைகளை வரிசையா எழுதி ஓட்டற பவர்ஷெல்ல எந்த ஸ்கிரிப்ட் ஓடினாலும் அதோட முழு வரிகளும் பதிவாகிற மாதிரி இன்னொரு செட்டிங்கும் போட்டாங்க. நாளைக்கே ஏதாவது விபரீதம் நடந்தா, நாம ரெண்டு பேரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. கம்ப்யூட்டருக்கெல்லாம் ஜாதகம் எழுதறீங்களா மேடம்னு நான் கிண்டல் பண்ணேன்.

கிண்டலோட நின்னிருந்தா பரவாயில்லை. டூல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல நான் எழுதின சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் நிறைய இருந்துச்சு. அது ஓடும்போதெல்லாம் சிஸ்மான்ல ஒரு வரி விழும். மேடம் உடனே, "சார், இது நீங்களா?"ன்னு கேப்பாங்க. காலையில ஒரு தடவை, டீ குடிக்கும்போது ஒரு தடவை. எனக்கு எரிச்சல். ஒருநாள் சிஸ்மான் அமைப்புல, கட்டளையில அந்த ஃபோல்டர் பேர் வந்தா பதிய வேண்டாம்னு ஒரு விலக்கு எழுதி எல்லா மெஷினுக்கும் அனுப்பிட்டேன். அவங்ககிட்ட சொல்லலை. மறுநாள்லேருந்து கேள்வி நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

இப்போ மச்சினன் விஷயத்துக்கு வரேன். என் பொண்டாட்டியோட தம்பி. ரிப்போர்ட் ரூம்ல டாக்டருங்க சொல்றதை டைப் அடிக்கிற வேலை. நான்தான் சேர்த்துவிட்டேன், அதை அவனுக்கு மாசம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தவும் செய்வேன். நல்ல பையன்தான், ஆனா சாப்பாட்டு நேரத்துல பென் டிரைவ்ல படம் கொண்டுவந்து பார்ப்பான். சொன்னாக் கேக்கமாட்டான். அந்த வெள்ளிக்கிழமை காலையிலகூட அவன் மெஷினைப் பார்த்துட்டு, டி டிரைவா குப்பைத் தொட்டியாடா இது, வேண்டாததையெல்லாம் துடைச்சுப் போடுன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டுத்தான் வந்தேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் ரூம்லேருந்து போன். மச்சினன் மெஷின்ல இருக்கிற ரிப்போர்ட் ஃபோல்டர் காலி. மூணு மாசத்து ரிப்போர்ட், ஒண்ணுகூட இல்லை. மேடம் வியாழக்கிழமை பேக்கப்லேருந்து எடுத்துப் போட ஆரம்பிச்சாங்க. ஆனா அன்னிக்குக் காலையில அடிச்ச இருபத்தாறு ரிப்போர்ட் போனது போனதுதான். வெளியில நாற்காலி பூரா ஆளுங்க, கையில டோக்கனோட. டாக்டருங்க மறுபடியும் படத்தைப் பார்த்துச் சொல்லணும். மேனேஜர் முகம் கறுத்துப் போச்சு.

யாருன்னு கேட்டார். நான் சிஸ்மான் பதிவைத் திறந்தேன். ஒரு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மச்சினன் பேர்ல ஒரு வரி: பென் டிரைவ்லேருந்து படம் ஓட்டற ஏதோ ஒரு பிளேயர் கிளம்பியிருக்கு. ரிப்போர்ட் ஃபோல்டர் கடைசியா மாறின நேரம் ஒண்ணு அஞ்சு. நடுவுல வேற ஒண்ணும் இல்லை. பிளேயர்ன்ற பேர்ல வைரஸை உள்ளே விட்டிருக்கான் சார்னு மேனேஜர்கிட்ட அடிச்சுச் சொன்னேன். என் சொந்தக்காரன்னு நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லைன்னும் சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொன்னப்போ எனக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

அந்தப் பிளேயர் எதையும் அழிச்சதா இதுல இல்லையே, பவர்ஷெல் பதிவையும் பார்த்துட்டுப் பேசலாம்னு மேடம் சொன்னாங்க. மேனேஜருக்குப் பொறுமை இல்லை. நான் அதுக்கு நேரம் கொடுக்கவும் இல்லை, மேடம் ராத்திரி வரைக்கும் பேக்கப் வேலையிலயே மாட்டிக்கிட்டாங்க. நாலு மணிக்கு மச்சினனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, திங்கக்கிழமை ஒரேயடியா நிறுத்தறதா இல்லையான்னு முடிவு. போகும்போது என்னைப் பார்த்து, "மாமா, நான் படம் மட்டும்தான் பார்த்தேன்"னான். வாயை மூடிக்கிட்டுப் போடான்னேன்.

சனிக்கிழமை மேடம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேன். நான் சொன்னதுதான் சரின்னு காட்டறதுக்காக, மச்சினன் மெஷின்ல உக்காந்து பவர்ஷெல் பதிவைத் திறந்து முந்தின நாள் வரிகளை ஒண்ணொண்ணா மேய்ஞ்சேன். நடுவுல போன், பிரிண்டர் மாட்டிக்கிச்சுன்னு ஒருத்தர், எல்லாம் முடிச்சு வந்து பார்க்கும்போது பதினொன்னு நாப்பத்திரண்டு. மூலையில இருந்த கடிகாரம் இன்னும் கண்ணுல நிக்குது. வெள்ளிக்கிழமை ஒண்ணு அஞ்சுக்கு ஒரு ஸ்கிரிப்ட். முழு வரிகளும் இருந்துச்சு. மேல நான் வழக்கமா போடற கோடு, கீழ டூல்ஸ் ஃபோல்டர் பேர்.

அது என்னோட துப்புரவு ஸ்கிரிப்ட். தினம் சாப்பாட்டு நேரத்துல தானா ஓடும். முதல்ல ரிப்போர்ட் ஃபோல்டருக்குப் போகும், அங்கேருந்து உள்ளே வேண்டாத ஃபைல் சேர்ற டெம்ப் ஃபோல்டருக்குப் போகும், போன இடத்துல இருக்கிற எல்லாத்தையும் அழிக்கும். ஒரு வருஷமா ஒழுங்கா ஓடிச்சு. டெம்ப் ஃபோல்டர் இல்லைன்னா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லை. போக முடியலைன்னு ஒரு சிவப்பு வரி சொல்லிட்டு, பவர்ஷெல் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடும். நின்ன இடத்துல இருக்கிறதை அழிக்கும். நின்ன இடம் ரிப்போர்ட் ஃபோல்டர். டெம்ப் எங்கே போச்சு? நான் காலையில கத்தினேனே, வேண்டாததைத் துடைச்சுப் போடுன்னு. காலியா கிடந்த டெம்ப்பை அவன் ஃபோல்டரோட துடைச்சிட்டான். சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே நாள் அதுதான்.

சிஸ்மான்ல ஏன் இல்லைன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? அதைப் பதிய வேண்டாம்னு எழுதினவன் நான். அந்த விலக்கு பவர்ஷெல் பதிவைக் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான்.

தப்பு யாருக்கும் நடக்கும். அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் பதிவு மேல வலது கிளிக் பண்ணி, கிளியர் லாக்னு இருக்கிறதை அழுத்தினேன். பக்கம் வெள்ளையாச்சு.

வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பொண்டாட்டி அழுது கண்ணு வீங்கி இருந்தா. நீங்க ஒரு வார்த்தை மேனேஜர்கிட்ட பேசக் கூடாதாங்க, அவன் ராத்திரி பூரா தூங்கலையாம், அம்மாவும் சாப்பிடலையாம்னா. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், பதிவுல இருக்கு, நான் என்ன பண்ண முடியும்னேன். மறுபடி தட்டை நீட்டினேன். அவ போட்டா.

மூணு மணிக்கு மேடம் என் மேஜைக்கு வந்தாங்க. வழக்கமா தூரத்துலேருந்தே கேள்வி கேட்டுக்கிட்டு வர்றவங்க, அன்னிக்கு வாயைத் திறக்கலை. ஒரு தாளை வச்சாங்க. மேல என் ஸ்கிரிப்ட், முழுசா. கீழ ஒரே ஒரு வரி: பவர்ஷெல் பதிவு அழிக்கப்பட்டது, அழிச்சவர் என் அட்மின் பேர், மணி பதினொன்னு நாப்பத்து நாலு.

விண்டோஸ்ல ஒரு பதிவை அழிச்சா, அழிச்ச சமாச்சாரம் இன்னொரு பதிவுல போய் உக்காந்துக்கும். பத்து வருஷமா இதே வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்துல எதுவும் தெரியலை. அதோட, ரிப்போர்ட் ரூம் மெஷின்லேருந்து எல்லாப் பதிவும் உடனுக்குடனே சர்வருக்கும் போற மாதிரி பண்ணியிருக்கேன்னு மேடம் போன வாரமே சொல்லியிருந்தாங்க. போனைப் பார்த்துக்கிட்டே உம் கொட்டியிருக்கேன். நான் இங்கே அழிச்சது முந்தின நாளே அங்கே பத்திரமா போய்ச் சேர்ந்திருக்கு.

திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதுதான் எனக்கு வரும்.

"மேனேஜர் நாலு மணிக்கு வரார்"னாங்க. "நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டுமா?"

அந்த சார் அப்படியே இருந்துச்சு. அதுதான் பொறுக்க முடியலை. நான் சொல்றேன்னேன். 

சொன்னேன். ஸ்கிரிப்ட், விலக்கு, அழிச்சது, மூணையும். ஸ்கிரிப்ட்டைக் கேட்டப்போ மேனேஜர் தலையைத்தான் ஆட்டினார். அழிச்சதைக் கேட்டப்போ நாற்காலியைப் பின்னால தள்ளிட்டார். என் அட்மின் உரிமை அன்னிக்கே போச்சு. இனிமே ஒரு மெஷின்ல எதையாவது ஏத்தணும்னா மேடம்கிட்ட கேட்டுத்தான் ஏத்தணும். எச்சரிக்கைக் கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். மச்சினனை திங்கக்கிழமை வரச்சொல்லி அவரே போன் பண்ணார். காரணத்தை மட்டும் அவர் சொல்லலை. அது உங்க வேலைன்னுட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். வேலை திரும்பக் கிடைச்ச சந்தோஷத்துல, நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன்னு நினைச்சுக்கிட்டு, மாமியார் என்னை வாங்க மாப்பிள்ளைன்னு வாசல்லயே வந்து கூப்பிட்டாங்க. உக்காராம நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். மச்சினன் கட்டில் ஓரமா உக்காந்து கேட்டான். முடிச்சப்போ மன்னிச்சுடுடான்னு வந்துச்சு. என் வாயிலேருந்து அந்த வார்த்தையை அந்த வீட்டுல யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை.

அவன், "உங்களுக்கு எப்ப மாமா தெரிஞ்சுது?"ன்னான்.

பொய் சொல்லியிருக்கலாம். மூணு மணிக்கு மேடம் சொல்லித்தான் தெரியும்னா அங்கே யாருக்கும் தெரியப் போறதில்லை. ஆனா எனக்கு அலுத்துப் போச்சு. "நேத்துக் காலையில. பதினொன்னு நாப்பத்திரண்டு"ன்னேன்.

மாமியார் உள்ளே போயிட்டாங்க. கதவுப் பக்கம் என் பொண்டாட்டி நின்னுக்கிட்டு இருந்தா. அவ விரல் விட்டு எண்ணலை, அவசியமே இல்லை.

"நேத்து ஒன்றரைக்குத்தானே சாப்பிட வந்தீங்க"ன்னா. "மறுபடியும் சோறு போட்டுக்கிட்டீங்களே."

ஆமான்னு தலையாட்டினேன். அவ தம்பி பக்கத்துல போய் உக்காந்தா.