பத்து மணிக்கு வந்த பில்கள்

அண்ணன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த செய்தி அவளுக்கு அண்ணி வழியாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனபோது அவன் வராந்தாவில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தான். வாழ்நாளில் அவன் புதிர் போட்டு அவள் பார்த்ததில்லை.

“டாக்டர் குடுத்த வீட்டுப்பாடம்” என்றாள் அண்ணி, சமையலறையில் குரலைத் தாழ்த்தி. “தினம் ஒண்ணு போடணுமாம். மூளைக்கு நல்லதாம். எங்கிட்டேயே விடையைக் கேட்டு எழுதுறார். அப்ப என் மூளைக்குத்தானே நல்லது?”

“டாக்டரா? எதுக்கு அண்ணி?”

அண்ணி அடுப்பைத் தணித்தாள். சிரிப்பு போய்விட்டது. “மாமாவுக்கு வந்தது இவருக்கும் வந்திருக்கு போல.”

மாமா என்றால் அவளுடைய அப்பா. கடைசி மூன்று வருடம் பெற்ற மகளை நர்ஸ் என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர். அண்ணனுக்கு இப்போதுதான் ஐம்பத்திரண்டு.

அவளும் அண்ணனும் ஒரே நிறுவனத்தில்தான் வேலை. இருநூற்றுச் சொச்சம் சிறு கடைகள் வைத்திருக்கும் நிறுவனம். பேருந்து நிலையம், ரயிலடி, மருத்துவமனை வாசல் என்று எங்கே ஆள் காத்துக்கிடக்கிறார்களோ அங்கெல்லாம் ஒன்று. அவள் தலைமை அலுவலகத்தில் விற்பனைக் கணக்கு ஓடும் கணினி நிரல்களை எழுதுகிறவள். அண்ணன் தீவுக்குப் போகும் கப்பலில் இருந்த கடையைப் பார்த்துக்கொண்டான். மாலை மூன்றுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் தீவு. இரவு அங்கேயே படுக்கை. காலை ஐந்துக்குத் திரும்பினால் பத்துக்குத் துறைமுகம். பதினோரு வருடம் அப்படித்தான்.

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னண்ணா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“என்னத்தைச் சொல்றது பாப்பா? பைத்தியம் பிடிக்குதுன்னு போன் போட்டா சொல்வாங்க?” முப்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். “சரக்கு தீருது. கண்ணெதிர்ல தீருது. பிஸ்கட்டு, பன்னு, தண்ணி பாட்டில், வாந்தி மாத்திரை எல்லாம். காலைல கரைக்கு வந்து போனைத் திறந்தா நேத்து வித்த பில்லு முப்பதுன்னு மெசேஜ். முப்பது! சாயங்காலம் எனக்குக் கை ஒழியலைன்னு நினைப்பு இருக்கு. மெஷின்ல அடிச்ச மாதிரி, அட்டையைத் தேய்ச்ச மாதிரி எல்லாம் நினைப்பு இருக்கு. ஆனா பில்லு இல்லை. அப்ப என்ன அர்த்தம்? சும்மா தூக்கித் தூக்கிக் குடுத்திருக்கேன்.”

“எவ்வளவு நாளா?”

“நாலு மாசம். ஏரியா ஆபீசர் ரெண்டு தடவை கேட்டார். சரக்கு போகுது பில்லு வரலையே, என்ன விஷயம்னார். திருடன்னு சொல்ல வாய் வரலை அவருக்கு. நல்ல மனுஷன். அதுக்குள்ள நானே எழுதிக் குடுத்துட்டேன்.”

நாலு மாதம் என்ற சொல் அவளுக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. பிடிபட வேண்டாம் என்று உள்ளே எதுவோ தடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை இருக்கையில் உட்கார்ந்ததும் கப்பல் கடையின் பில்களை நாள்வாரியாக எடுத்துப் பார்த்தாள். முப்பது, இருபத்தெட்டு, முப்பத்துமூன்று. அண்ணன் சொன்னது சரிதான். பிறகு ஒவ்வொரு பில்லும் அடித்த நேரத்தைப் பார்த்தாள். 5.20, 6.05, 9.40. எல்லாம் காலை ஐந்திலிருந்து பத்துக்குள். நாலு மாதத்தில் மாலை நேரத்துப் பில் ஒன்றுகூட இல்லை.

மறதிக்காரன் மாலையில் மட்டும் மறப்பானா? அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு பில்கூட மிச்சம் வைக்காமல்?

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன்புவரை தினக் கணக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக ஓடும். முந்தைய நாளின் பில்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஒரே மூச்சில் கூட்டும். ஏன் பன்னிரண்டு மணி என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் கணினி சும்மா இருந்தது, அவ்வளவுதான். ‘அவசரம்’ என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அழைக்கும் மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. “நேத்து வித்ததை இன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுக்கறதுக்கு நான் எதுக்கு?” என்றார். அவள் மாற்றிக் கொடுத்தாள். பில் வர வர, ஓடை மாதிரி, அந்தக் கணமே கூட்டிக்கொண்டு போகும் முறை.

அந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. ஓடைக்கு முடிவு கிடையாது. நாள் என்பதை நாம்தான் வெட்டி எடுக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை ஒரு ஜன்னல். பில் எந்த நேரத்தில் அடிக்கப்பட்டதோ அந்த நாளின் ஜன்னலில் விழும். எல்லாப் பில்லும் உடனே வந்து சேராது. சிக்னல் கிடைக்காத இடம், மின்சாரம் போன கடை. தாமதமாக வருகிறவற்றுக்காக ஜன்னலை நள்ளிரவுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர் அவள்.

அவள் அலட்சியமாகச் செய்யவில்லை. ஒரு மாதத்துப் பில்களை எடுத்து, அடித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டாள். தினம் இரண்டு லட்சம் பில். இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதமாவது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் என்று எழுதினாள். கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டியபோது கைதட்டினார்கள்.

ஆயிரத்துக்கு ஒன்று என்றதும் அவள் மனதில் ஊரெல்லாம் சிதறிக்கிடக்கும் துளிகள்தான் தெரிந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கடைவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரே வரியில் தெரிந்திருக்கும். அந்தப் பில்கள் ஏறக்குறைய அத்தனையும் ஒரே கடையுடையவை.

கடலில் சிக்னல் கிடையாது. தீவுத்துறையிலும் கிடையாது. அண்ணனின் பில் எந்திரம் மாலைப் பில்களைத் தன்னிடமே வைத்திருந்து, மறுநாள் பத்து மணிக்குக் கரை சேர்ந்ததும் அனுப்பும். அனுப்பி முடித்ததும் தன்னிடம் இருந்ததைத் துடைத்துவிடும். காலைப் பில்கள் அதே நாளுடையவை, அந்த ஜன்னல் திறந்துதான் இருக்கும், உள்ளே போய்விடும். முந்தைய நாளின் ஜன்னலோ இரவு இரண்டு மணிக்கே சாத்தியாகிவிட்டது. எட்டு மணி நேரம் கழித்து வந்து தட்டிய நூற்றைம்பது பில்களையும் அவளுடைய நிரல் சத்தமில்லாமல் கீழே போட்டது. எத்தனை போட்டோம் என்று ஒரு பதிவில் குறித்தும் வைத்தது. அந்தப் பதிவை நாலு மாதமாக யாரும் திறந்து பார்க்கவில்லை.

கப்பலில் ரொக்கம் கிடையாது, எல்லாம் கப்பல் நிறுவனம் பயணிகளுக்குத் தரும் அட்டைதான். அவர்கள் தேய்த்த பணம் அந்த நிறுவனத்திடமிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். இந்தத் தடவை எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்ததாகவும், ‘விளக்கம் பெற வேண்டியவை’ என்ற தலைப்பில் அதைப் போட்டுவைத்ததாகவும் நிதிப்பிரிவுப் பெண் சொன்னாள். “குறைஞ்சா கூப்பிட்டுக் கேட்போம். கூடினா யாரு கேட்பா?” என்றாள்.

நல்லவேளை, வந்த பில் எல்லாம் கூட்டலுக்குப் போகும் முன்பே அப்படியே ஒரு தரவுக் கிடங்கில் எழுதப்பட்டிருந்தது. பழைய மொத்தக் கணக்கு நிரலைத் தேடி எடுத்து, நாலு மாதத்தையும் அதில் மறுபடி ஓட்டினாள். இருபத்தாறு நிமிடம் ஆனது. பட்டியலின் அடியில் கிடந்த கப்பல் கடை, நாளுக்கு நூற்றெண்பது பில் என்று தன் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

“நல்லா கண்டுபிடிச்சே. ஓடை ஓடட்டும். காலைல வர்றது தற்காலிகக் கணக்குன்னு போட்டுடு. மத்தியானம் மொத்தக் கணக்கு ஓடி, கடைசி மூணு நாளைத் திருத்தட்டும். விட்டுப்போன பில்லைத் தனியா ஒதுக்கி வை, கடைவாரியா தினம் எனக்கு வரணும். இன்னிக்கே முடியுமா?”

“முடியும். சார், அந்தக் கடைக்காரர்…”

“யாரு?”

“என் அண்ணன்.”

அவர் பேனாவை மூடினார். முதல்முறையாக அவருக்கு அவசரம் இல்லை. அவரே போன் செய்தார், இரண்டு இடத்துக்கு. வேலையை அண்ணனாகத்தான் விட்டிருக்கிறான், யாரும் நீக்கவில்லை. கப்பலில் இருந்த இடத்தைப் போன வாரமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அங்கே வேறொரு நிறுவனம் காபி எந்திரம் வைத்துவிட்டது.

“சரக்குக் கிடங்குல ஏதாவது வேலை இருக்கான்னு பார்க்கிறேன்மா” என்றார். பார்ப்பார் என்றுதான் தோன்றியது. கிடைக்கும் என்று தோன்றவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மடிக்கணினியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சுற்றிவளைக்கவில்லை.

“அண்ணா, நீ ஒரு பில்லும் மறக்கலை. எல்லாம் அடிச்சிருக்கே. எல்லாம் வந்திருக்கு. நான்தான் கீழே போட்டேன்.”

எப்படி என்று விளக்கினாள். அண்ணி கதவில் சாய்ந்து நின்றாள். அவள் முடித்ததும் அண்ணிதான் பேசினாள்.

“அந்த டாக்டர் ஃபீஸை உன் ஆபீஸ்ல குடுப்பாங்களா?” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“ரெண்டு மணி நேரம்னு ஏன் வச்சே?” என்றான் அண்ணன். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“அது போதும்னு நினைச்சேன்.”

“பத்து மணிக்குத்தான் கரைக்கு வருவேன்னு உனக்குத் தெரியுமே பாப்பா.”

தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.

அவன் நாற்காலியை மடிக்கணினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம். “அப்ப அதுல எல்லா பில்லும் இருக்கா? கடைசி நாள் சாயங்காலம்?”

“இருக்கு.”

“எங்கிட்ட காட்டாதே. நான் சொல்றேன், நீ சரிபார். கிளம்பினதும் மொத ஆளு, ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு பன்னு.”

3.08. தண்ணீர் இரண்டு, பன் ஒன்று. “சரி.”

“அப்புறம் கைக்குழந்தைக்காரி. வாந்தி மாத்திரை.”

“சரி.”

“காலேஜ் பசங்க. சீட்டுக்கட்டு ஒண்ணு, சிப்ஸ் நாலு.”

“சரிண்ணா.”

“அதுக்கப்புறம்…” கண்ணை மூடினான். “கண்ணாடி போட்ட பெரியவர். பேட்டரி. ரெண்டு.”

திரையில் 3.31க்கு ஒரு தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. அவள் கீழே உருட்டினாள். அன்று மாலை முழுக்கத் தேடினாள். நூற்று நாற்பத்தேழு பில்லிலும் பேட்டரி இல்லை.

யாருக்குத்தான் நினைவிருக்கும்? மூன்று வாரம் முந்தைய ஒரு மாலை. வேறொரு நாளின் பெரியவராக இருக்கலாம். பில் அடிக்காமலே கொடுத்தும் இருக்கலாம். நாலு மாதம் தன்மேல் சந்தேகப்பட்டவனுக்கு எல்லாப் பெரியவர்களும் கலந்துபோயிருக்கலாம். இதைச் சொல்லும் எந்தக் கணக்கும் அவளிடம் இல்லை.

“பாப்பா? பேட்டரி இருக்கா?”

அண்ணன் கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கு” என்றாள். “ரெண்டு.”