இரண்டு ஒன்பது

மஸ்தான் பீவி சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். அவள் வாங்கின கடனல்ல. புருஷன் கலீல் ரஹ்மான், ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் இருக்கிற ஜவ்வரிசிக் குடோன்களில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினவன், சுமைத் தொழிலாளர் நலச் சங்கத்தில் வாங்கினது. போன அக்டோபரில் அவன் மாரடைப்பில் போய்விட்டான். கடன் மட்டும் பேரேட்டில் அப்படியே நின்றது.

அந்தக் கடனைச் சங்கம் தள்ளுபடி செய்துவிட்டது என்று ஜனவரியில் அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னது செல்லமுத்து. அவனும் மூட்டை தூக்குகிறவன்தான். கலீலின் ஜோடி. ஒரு மூட்டைக்கு இருவர் கை கொடுத்து ஏற்றிவிடுவார்களே, அந்த ஜோடி. நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன். படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

மே மாதம் அவள் அவன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் சங்கத்துக் காகிதம்.

"செல்லமுத்தண்ணே, நீங்க சொன்னது ஒண்ணு, காகிதம் சொல்றது ஒண்ணு. எது மெய்யி?"

"உள்ள வாங்க தங்கச்சி."

"உள்ள வர்றதுக்கு வரல. படிச்சுச் சொல்லுங்க."

அவன் விரல் வைத்துப் படித்தான். குடும்ப நலநிதி ஐம்பதாயிரம். பிடித்தம் இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. தர வேண்டியது இருபத்தாறாயிரத்து இருநூற்று ஐம்பது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'தீர்மான எண் 9/2024-25 படி'.

"எம் மவ ரிஹானா நர்சிங் கடைசி வருசம். மாசக் கடைசிக்குள்ள நாப்பதாயிரம் கட்டோணும். இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டா மிச்சம் போச்சுன்னு அவ சொல்றா. நான் போடல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இதுல உங்களுக்கும் பங்கு உண்டாண்ணே?"

செல்லமுத்துவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவனும் அதைத்தான் கேட்டிருப்பான்.

மறுநாள் மதியம், லாரி ஒன்றும் வராத நேரத்தில், சங்க ஆபீசுக்குப் போனான். ஆபீஸ் என்றால் குடோன் சுவரோடு சேர்ந்த ஒரு தகர அறை. செயலாளர் குருமூர்த்தி விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். குடோனில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சங்கத்தின் தீர்மானமெல்லாம் அவர் கையெழுத்துத்தான். பக்கத்து மேசையில் பொருளாளர் சிவக்குமார், செல்போன் வைத்துக் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"தீர்மான நோட்டைப் பாக்கோணுங்க சார்."

"நீயா? பாத்து?"

"படிக்கோணும்."

"படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த எலெக்சன் வந்துருமே செல்லமுத்து" என்று சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துப் போட்டார்.

ஒன்பதாவது தீர்மானம், நாள் 14.07.2024. எழுத்து எழுத்தாகக் கூட்டினான். இறந்துபோன உறுப்பினர் வைத்த கடன் பாக்கியைக் குடும்ப நலநிதியில் பிடித்துக்கொள்வது. கீழே ஏழு கையெழுத்து. அதில் ஒன்று அவனுடையது.

ஜூலையில் கலீல் உயிரோடு இருந்தான். அன்றைக்குப் பொதுவாகப் போட்ட தீர்மானம் அது. ஜனவரியில் எல்லோரும் கை தூக்கினார்களே, கலீல் கடன் தள்ளுபடி என்று, அது எங்கே? அன்றைக்கும் கையெழுத்துப் போட்டான். காட்டின இடத்தில், டீ ஆறிப் போகும் அவசரத்தில், படிக்காமல். தள்ளுபடி என்று வாயால் சொல்லிவிட்டு வேறெதையோ எழுதி வாங்கிவிட்டாரா இந்த மனுசன்? படிக்கத் தெரியாத காலத்திலாவது நாலு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பான்.

பக்கத்தைப் புரட்டினான். பத்து, பதினொன்று என்று ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டிசம்பர் 22-ந் தேதிக் கூட்டத்தில் முப்பத்து நாலு. அதோடு நோட்டின் கடைசிப் பக்கம் தீர்ந்தது.

"சார், ஜனவரிக் கூட்டம் எங்கீங்க?"

"அது அடுத்த நோட்டு."

"அது எங்கீங்க?"

"ஆடிட்டர்கிட்ட."

சிவக்குமார் தலையைத் தூக்கினான். "ஆடிட்டருக்கு வவுச்சரும் பேரேடும்தானுங்க குடுத்தோம். ரசீது இருக்குதுங்க. நோட்டு எதுவும் போகல."

குருமூர்த்தி அவனைப் பார்த்த பார்வையில் விசிறியே நின்றிருக்கும். செல்லமுத்து அதைக் கவனித்தான்.

"சிவா, பாயம்மா பணத்துல பிடிச்சியே, எதப் பாத்துப் பிடிச்ச?"

"சார் ஒரு துண்டுச் சீட்டுக் குடுத்தாருங்க. 'மஸ்தான் பீவி, தீர்மானம் 9/2024-25 படி செய்க'ன்னு. நான் இந்த நோட்டுல ஒம்போதப் பாத்தேன். பிடிக்கச் சொல்லியிருந்துச்சு. பிடிச்சேன்."

"நான் பிடிக்கச் சொல்லல!" என்று குருமூர்த்தி எழுந்தார்.

"அப்ப எந்த ஒம்போதச் சொன்னீங்க?" என்று கேட்டான் செல்லமுத்து.

குருமூர்த்தி வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் செல்லமுத்து நினைத்தான். அவர் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றின நோட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

முதல் பக்கத்தின் மூலையில் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி. அதன் கீழே 'தீர்மானம் 1, நாள் 19.01.2025'. அன்றைக்கு ஒன்பது தீர்மானம். ஒன்பதாவது: 'மறைந்த உறுப்பினர் கலீல் ரஹ்மானின் கடன் ரூ.23,750, தீர்மான எண் 9-க்கு விலக்கு அளித்து, தள்ளுபடி செய்யப்படுகிறது.'

செல்லமுத்து இரண்டு தரம் படித்தான். தப்பாகப் படிக்கிறோமோ என்று மூன்றாம் தரமும் படித்தான். கீழே அவன் கையெழுத்து, டீக்கறையோடு.

"ஒம்போதுக்கு ஒம்போதே விலக்குக் குடுக்குதா சார்?"

சிவக்குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். குருமூர்த்தி சிரிக்கவில்லை.

"புது நோட்டு. சுழி போட்டேன். ஒண்ணுன்னு போட்டேன். அம்பது வருசப் பழக்கம். புது நோட்ட முப்பத்தஞ்சுல இருந்து எவனாவது தொடங்குவானா?"

"தொடங்கோணுமுங்க. நோட்டுத்தான் தீந்துச்சு, வருசம் தீரலியே. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் ஒரே வரிசைன்னு நீங்கதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஏப்ரல்லதான் மறுக்கா ஒண்ணு" என்றான் சிவக்குமார்.

"தெரியும். மார்ச்சுலதான் கண்ணுல பட்டுச்சு."

"அப்பறம் எதுக்கு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சீங்க?"

கேட்டுக்கொண்டே செல்லமுத்து நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலில் மெல்லிசாக வேறொரு எண். ஒன்றுக்குப் பக்கத்தில் 35. ஒன்பதுக்குப் பக்கத்தில் 43. மார்ச்சில் கடைசியாக இருந்த பதினாறுக்குப் பக்கத்தில் 50. முதல் எண்ணின் மேல் பிளேடு சுரண்டின தடம் இருந்தது.

"சுரண்டிட்டுப் புது நெம்பர் போடப் போனீங்களா?"

"யாருக்கு நட்டம்? எண்ணு சரியாயிருக்கும், தலைவர் காதுக்கும் போகாது."

"எனக்கு நட்டமுங்க. நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துல நாளைக்கு எதையும் சுரண்டலாம்னு ஆயிருமே. இன்னைக்கு எண்ணு, நாளைக்குத் தொகை. அப்பறம் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு?"

"படிக்கக் கத்துக்கிட்டவன் எல்லாம் வக்கீலு" என்று குருமூர்த்தி முணுமுணுத்தார்.

"ஆமாங்க. இத்தன நாளு கத்துக்காததுக்கு வட்டி கட்டிட்டிருக்கறேன்."

அதோடு முடியவில்லை. சிவக்குமார் பைலைக் கிளறி ஒரு கடித நகலை எடுத்தான். பேங்க்கில் செக்கில் கையெழுத்துப் போடும் ஆளை மாற்றச் சொல்லிப் பிப்ரவரியில் அனுப்பியது. 'தீர்மான எண் 3/2024-25' என்று இருந்தது. பழைய நோட்டின் மூன்றாவது தீர்மானம் மழைக்குத் தார்பாய் வாங்குவது.

"பேங்க்காரன் நோட்டக் கேட்டிருந்தா, தார்பாய்க்குச் செக் பவர் குடுத்துட்டோம்னு நெனச்சிருப்பான்" என்றான் சிவக்குமார்.

மே பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டினார்கள். சுரண்டக் கூடாது, அழிக்கக் கூடாது, நடந்த தப்பை நடந்தபடியே எழுத வேண்டும் என்று செல்லமுத்து பிடித்த பிடியில் நின்றான். தலைவர் காளியப்பன் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். "எண்ணுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்றார். பிறகு, தான் பேங்க்குக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று கேட்டதும் நேராக உட்கார்ந்தார்.

ஏப்ரலில் அதே நோட்டில் புது வரிசையாக நாலு தீர்மானம் ஆகியிருந்தது. ஆகவே இது 5/2025-26. இரண்டாம் நோட்டில் 19.01.2025 முதல் 31.03.2025 வரை 1 முதல் 16 என்று எழுதப்பட்டவை, இனி 35 முதல் 50/2024-25 என்றே கொள்ளப்படும்; பழைய எண் அப்படியே இருக்கும், பக்கத்தில் புது எண் சிவப்பு மசியில் எழுதித் தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் இடுவார்கள்; பழைய எண்ணைச் சொல்லி அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் திருத்தக் கடிதம் போகும்; இனி எந்தக் காகிதத்திலும் எண்ணோடு வருஷமும் கூட்டத் தேதியும் சேர்ந்தே வரும். பழைய எண், புது எண், பொருள் என்று பதினாறு வரிப் பட்டியல் ஒன்றும் கூடவே.

குருமூர்த்திதான் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். செல்லமுத்து வாங்கி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். டீ வந்தது, ஆறியது. யாரோ கொட்டாவி விட்டார்கள். பதினாறு வரியையும் விரல் வைத்துத் தாண்டின பிறகுதான் பேனாவைத் தொட்டான்.

வெறும் பழக்கத்தில் நடந்த தப்புத்தானா, வேறு ஏதாவது நினைப்பு இருந்ததா என்று அவனுக்கு இன்னும் தெளியவில்லை. ஸ்கூட்டர் சீட்டின் அடியில் இரண்டு மாசம் ஒரு நோட்டு எதற்கு இருக்க வேண்டும்? கேட்டால் பதில் வராது. நோட்டு இனி ஆபீஸ் பீரோவில் இருக்கட்டும், சாவி சிவக்குமாரிடம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னான். குருமூர்த்தி மறுக்கவில்லை.

திங்கட்கிழமை மஸ்தான் பீவி ரிஹானாவோடு ஆபீசுக்கு வந்தாள். ஐம்பதாயிரத்துக்குச் செக் எழுதியாகிவிட்டது. அவள் செக்கைத் தொடவில்லை.

"முதல்ல அந்த எண்ணக் காட்டுங்க."

சிவக்குமார் காட்டினான். ஒன்பதின் பக்கத்தில் சிவப்பில் 43/2024-25.

"அந்த வருசக் கணக்குல வேற நாப்பத்தி மூணு எதும் இல்லியே?"

"இல்ல பாயம்மா."

"நீங்க சொல்லாதீங்க. ரிஹானா, நீ பாரு."

ரிஹானா இரண்டு நோட்டையும் வாங்கி, நின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். செல்லமுத்து அவளை அவசரப்படுத்தவில்லை. "ஒண்ணுதான்மா இருக்குது" என்றாள் கடைசியில்.

"பேரேட்டுலயும் எழுதுங்க. நான் இருக்கும்போதே."

சிவக்குமார் கலீல் ரஹ்மானின் பக்கத்தைத் திறந்து எழுதினான். செல்லமுத்து அவன் தோளுக்கு மேலே எட்டி, வாய்விட்டுக் கூட்டிக் கூட்டிப் படித்தான். 'ரூ.23,750 தள்ளுபடி. தீர்மான எண் 43/2024-25, நாள் 19.01.2025. எண் திருத்தம்: தீர்மான எண் 5/2025-26, நாள் 18.05.2025. பாக்கி இல்லை.'

மஸ்தான் பீவி பேனாவை வாங்கிக்கொண்டாள்.