‘எழுந்தாச்சு’ செயலியின் கடைசிக் கடிதம்

அவன் எழுதிய செயலியின் பெயர் ‘எழுந்தாச்சு’. தனியாக வசிப்பவர்களுக்கானது. காலையில் எழுந்ததும் திரையிலுள்ள பெரிய பொத்தானை அழுத்த வேண்டும். பச்சையாக மாறும். பதினொரு மணிக்குள் அழுத்தாவிட்டால், அவர்கள் முன்பே கொடுத்து வைத்திருக்கும் ஒரு எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும்: ‘உங்கள் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பவர் இன்று இன்னும் எழுந்தாச்சு சொல்லவில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.’ அவ்வளவுதான் அதன் வேலை. அதை நான்கு வருடமாக அறுநூற்றுச் சொச்சம் பேர் நம்பியிருந்தார்கள்.

மூட வேண்டி வந்ததற்குக் காரணம் சாதாரணமானது. குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனம், இனிமேல் பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும்தான் சேவை, தனியாட்களின் கணக்குகளை அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு மூடுகிறோம் என்று எழுதிவிட்டது. அவன் கம்பெனி இல்லை. பகலில் வேறொரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதைக் கவனித்துக்கொண்டவன். ஒன்றாம் தேதியே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு மாதம் முன்னதாக விடைபெறும் கடிதத்தை எழுத உட்கார்ந்தான்.

இரண்டு நாள் எழுதினான். மனைவியிடம் காட்டினான். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாளெல்லாம் தேதியும் நேரமும் சொல்லியே பழகியவள்.

“நல்லா இருக்கு,” என்றாள் படித்து முடித்து. “ஆனா என்னிக்கு நிக்கப் போகுதுன்னு எங்க இருக்கு?”

“ஆறாவது பாரால.”

“அதுவரைக்கும் யார் வருவா? உன் சோகத்தக் கீழ வை. தேதிய மேல வை.”

வைத்தான். முதல் வரியிலேயே நிற்கும் தேதி. அடுத்து, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று இரண்டு யோசனைகள். பழைய பதிவுகளை இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான். ‘நீங்கள் கொடுத்த எண்களை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன், முப்பது நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்’ என்ற உறுதி. கடைசியில்தான் நன்றி. அவள் மறுபடி படித்துவிட்டுத் தலையாட்டினாள். அதில் இல்லாமல் போனது என்ன என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கடிதத்தை மூன்று வழிகளில் அனுப்பினான். செயலியின் புதிய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு, திறந்ததும் திரை முழுவதும் அதுதான் வந்தது. ‘படித்துவிட்டேன்’ என்று தொட்டால்தான் விலகும். மின்னஞ்சல் கொடுத்தவர்களுக்கு மின்னஞ்சல். மற்றவர்களுக்கு, போனின் மேல்பக்கம் எட்டிப் பார்க்கும் சின்ன அறிவிப்பு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது பத்தொன்பது பேர் மட்டும் மிஞ்சினார்கள். பழைய போன், பழைய பதிப்பு, மின்னஞ்சல் இல்லை, அறிவிப்பும் அணைக்கப்பட்டிருந்தது. பாதிப் பேர் எப்போதோ விட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒன்றாம் தேதி காலை, பதினொரு மணிக்கு ஓடும் அந்தச் சின்ன நிரலை நிறுத்தினான். அழுத்தங்களை வாங்கி நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சர்வர் வாசலை மட்டும் திறந்தே விட்டிருந்தான். அது கிடந்துவிட்டுப் போகட்டும் என்ற அலுப்புதான்.

பத்தாம் தேதி காலை, கடிதத்தின் அடியில் அவன் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

“எழுந்தாச்சு உங்களோடதா?”

“ஆமாங்க. ஆனா அது ஒண்ணாந்தேதியோட...”

“தெரியும். உங்க வெப்சைட்ல போட்டிருந்த லெட்டர நேத்துதான் தேடிப் படிச்சேன். எங்கப்பா உங்க ஆப்பை வச்சிருந்தார். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். பாத்ரூம்ல விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கிடந்திருக்கார். நான் போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு.”

அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“நாங்க ஞாயித்துக்கிழமைதான் பேசுவோம்,” என்றாள். குரலில் அழுகை இல்லை; அழுது முடித்த குரல். “அன்னிக்குப் போன் எடுக்கல. எப்பவும் எங்கயாவது வச்சிட்டு மறந்துடுவார். மெசேஜ் எதுவும் வரலையே, அப்ப நல்லாத்தான் இருக்கார்னு ஒரு நாள் விட்டுட்டேன். ஒண்ணு கேக்கணும். அவர் கடைசியா எப்ப அழுத்தினார்னு உங்களால பார்க்க முடியுமா? என்னிக்கு விழுந்தார்னு தெரிஞ்சா போதும்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாசலின் பதிவேட்டைத் திறந்து, அவள் கூப்பிட்ட எண்ணைத் தேடினான். அவர் பத்தொன்பது பேரில் ஒருவர். பழைய பதிப்பில், விரல் பட்டவுடனே பொத்தான் பச்சையாகிவிடும். தகவல் போய்ச் சேர்ந்ததா என்று அது காத்திருக்காது. சிக்னல் சரியில்லாத இடத்தில் இருப்பவர்களுக்காக அவனே செய்து வைத்த வசதி. ஒன்றாம் தேதி 6.38. இரண்டாம் தேதி 6.41. அப்புறம் ஒன்றுமில்லை.

“ரெண்டாந்தேதி காலைல அழுத்தியிருக்கார். மூணாந்தேதி இல்லைங்க.”

“விழுந்ததுக்கப்பறம் ஒண்ணரை நாள், ரெண்டு நாள் உயிரோட இருந்திருப்பார்னு டாக்டர் சொன்னார். நீங்க நிறுத்தாம இருந்திருந்தா, மூணாந்தேதி பதினோரு மணிக்கு எனக்கு மெசேஜ் வந்திருக்குமா?”

“வந்திருக்கும்.”

“உங்க லெட்டர நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கீங்க. என் நம்பரும் நாலு வருஷமா உங்ககிட்டதானே இருந்தது? எனக்கு ஒரு வரி எழுதலையே.”

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று வேலைக்குப் போகவில்லை. அழுத்துகிறவர்களுக்குச் சொன்னான், காத்திருப்பவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் யாரும் செயலியை வைத்திருக்கவில்லை. அவர்களுக்கு அது எந்தச் செய்தியும் வராத ஒரு நிம்மதி, அவ்வளவே. அந்த நிம்மதி ஒன்றாம் தேதியிலிருந்து பொய். எண்களை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்று கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. “அதெல்லாம் அப்பறம் பார்த்துக்கலாம், அனுப்பு முதல்ல,” என்றாள் மனைவி. குறுஞ்செய்திக் கணக்கு மூட அன்று ஒரு நாள்தான் பாக்கி. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு எழுபது எழுத்துதான்; அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் பிரியும், முன்னுக்குப் பின்னாக வந்து சேரும். அலங்காரத்துக்கு இடமே இல்லை. பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தான்:

‘எழுந்தாச்சு நின்றுவிட்டது. இனி தகவல் வராது. இன்றே கூப்பிடுங்கள்.’

எல்லா எண்களுக்கும் அனுப்பினான். பதிவேட்டில் ஏழு பேர் இன்னும் தினமும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேரின் உறவுகளை மட்டும் தானே கூப்பிட்டான். ஒரு தம்பி திட்டினார். ஒரு அத்தை, “அவன் எனக்கு இதெல்லாம் சொல்லவே இல்லையேப்பா,” என்று அழுதார். ஆறு பேரிடம் பேசிவிட்டான். ஏழாவது எண் உபயோகத்தில் இல்லை. எப்போதிலிருந்து இல்லையோ தெரியாது. அழுத்துகிறவர் யார், ஆணா பெண்ணா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. எவ்வளவு குறைவாகக் கேட்கிறோமோ அவ்வளவு நல்லது என்று அழுத்துகிறவர்களின் பெயரையோ எண்ணையோகூடக் கேட்காமல் விட்டிருந்தான்.

அதன்பின் தினமும் ஆஃபீசுக்குக் கிளம்பும் முன் பதிவேட்டில் அந்த ஏழாமவரின் வரியைப் பார்த்தான். 5.52. 5.50. 5.55. யாருக்கும் போய்ச் சேராத ‘எழுந்தாச்சு’, தவறாமல் வந்துகொண்டிருந்தது. இருபத்து நாலாம் தேதி வரவில்லை. இருபத்தைந்திலும் இல்லை.

“போன் மாத்தியிருப்பாங்க,” என்றாள் மனைவி, அவன் முகத்தைப் பார்த்து. “இல்லைன்னா ஆப்பை எடுத்திருப்பாங்க.”

“இருக்கலாம்,” என்றான்.

முப்பதாம் தேதி, சொன்னபடியே எல்லாவற்றையும் அழித்தான்.