பின் ஒழுங்கையால் வெளியேறலாம்

பதினொரு வருடமாக எங்கள் கோயில் தேர்த்திருவிழா அறிவித்தலை எழுதியது நான். வடம் பிடிக்கும் நேரம், எந்த வீதி எத்தனை மணிக்குப் பூட்டு, நிலாவெளி, திரியாய்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் எங்கே வாகனம் விடுவது, மூதூர்ப் பக்கத்தார் எங்கே விடுவது, எல்லாம் என் கையால் எழுதி, பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கு இரண்டு தரம் நடந்து ஒப்புதல் வாங்கி, பிறகுதான் கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் போடுவேன். ஒருவரும் கைதட்டவில்லை. நானும் கேட்கவில்லை. செய்ய வேண்டிய வேலை, செய்தேன்.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் தலைவர் குணரத்தினம் ஐயா எழும்பி, "சிவாஜினிக்கும் களைப்பு. இனி இதைப் பூரணி பாக்கட்டும். கொழும்பில கொம்பியூட்டர் வேலை செய்த பிள்ளை" என்றார். எனக்குக் களைப்பு என்று இவருக்கு யார் சொன்னது? நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த மாதிரி, கல்யாணம் முடித்து ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகவில்லை அவள். நான் சிரித்துக்கொண்டு "ஓம், நல்லதுதானே" என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன பிரயோசனம்?

தேருக்கு எட்டு நாள் இருக்கையில் பூரணி எனக்குத் தன் அறிவித்தலை அனுப்பினாள். "அக்கா, போட முந்தி ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சரியெண்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று குரல்பதிவும் சேர்த்து.

திறந்து பார்த்தேன். படம் கீறியிருந்தாள். தேரோடும் வீதிகள் சிவப்பு, மாற்றுப் பாதை பச்சை, வாகனத் தரிப்பிடங்கள் நீலக் கட்டம். வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். இதை ஏன் எனக்கு ஒரு வருடமாவது செய்யத் தோன்றவில்லை என்று என்னையே திட்டினேன். பிறகு பிழை தேடத் தொடங்கினேன். நேரம் சரி. பூட்டும் வீதிகள் சரி. திரியாய்ப் பக்கத்தாருக்குச் சொன்ன இடமும் சரி. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

கிண்ணியா, மூதூர், கட்டைபறிச்சான் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பாடசாலை மைதானம் என்று போட்டிருந்தாள். மைதானத்தின் முன் கேற் தேரோடும் வீதியில்தான் இருக்கிறது. ஏழரைக்கு வீதி பூட்டினால் தேர் இருப்புக்குத் திரும்பும் வரை, மத்தியானம் ஒரு மணி வரைக்கும், அதால் ஒரு சைக்கிளும் வெளியே போகாது. அதற்கு அவள் எழுதியிருந்தது: "இடையில் புறப்பட வேண்டியவர்கள் பின் ஒழுங்கையால் எந்நேரமும் வெளியேறலாம்." வரைபடத்தில் அந்த ஒழுங்கை, மைதானத்துக்குப் பின்னால் போகும் சந்து, இருக்கிறது. வான் போகும் அகலமும் இருக்கிறது. ஆனால் தேரன்று விடிய முதலே ஒழுங்கைச் சனம் நடுவில் எட்டு அடுப்பு வெட்டி, சோற்றுக்கும் பருப்புக்கும் கிடாரங்களை ஏற்றி அன்னதானம் சமைக்கத் தொடங்கிவிடும். அவர்களின் அப்பன், பாட்டன் காலத்து உபயம். அது எந்த வரைபடத்தில் வரும்? அதனால்தான் நான் மூதூர்ப் பக்கத்தாரைப் பதினொரு வருடமும் பழைய நெற்களஞ்சிய வளவுக்கு அனுப்பினேன். ஏனென்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதியது "நல்லா இருக்கு பூரணி" என்று. அதோடு ஒரு கும்பிடும் போட்டேன். நாலு வான் மாட்டுப்பட்டு நாலு சனம் ஏசட்டும், அப்போது தெரியும் சிவாஜினியின் அருமை என்று மனசு சொன்னது.

அவள் போட்ட அறிவித்தலை ஆயிரம் பேருக்கு மேல் பகிர்ந்தார்களாம். என் மருமகன் தர்சனே "மாமி, என்ன வடிவாச் செய்திருக்கிறா" என்று காட்ட வந்தான். "எனக்குக் கண் ஏலாது, கொண்டு போ" என்றேன். அதை நான் திறந்தும் பார்க்கவில்லை.

தேரன்று காலை ஒன்பதேகால். தேர் பாடசாலைக்கு முன்னால் நின்றது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது, தெரியாத நம்பர்.

"சிவாஜினி அக்காவா? நான் நஸ்ரி, மூதூர் வான் டிரைவர். கட்டைபறிச்சான் ஆக்களை ஏத்திக்கொண்டு வந்தனான். பின் ஒழுங்கையால போகலாமெண்டு நோட்டீசில கிடக்கு. இஞ்ச அடுப்பு எரியுது. இராசதுரை ஐயாவுக்குப் பத்தரைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்திகரிக்கோணும். போன முறையும் தவறினதாம். முகமெல்லாம் வீங்கிக் கிடக்குது."

"என்ட நம்பரை ஆர் தந்தது?"

"நோட்டீசில கிடக்கே அக்கா. விபரங்களுக்குச் சிவாஜினி அக்கா எண்டு."

எனக்கு அனுப்பியதில் அந்த வரி இருக்கவில்லை. சனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். வானுக்குள் இராசதுரை மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். "வடம் பிடிக்கிறதை ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான் பிள்ளை" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அவருடைய மனைவி மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

எரிகிற அடுப்பிலிருந்து கிடாரத்தை இறக்க முடியாது. ஆனால் மதிலோரமாக ஆள் நடக்க இடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஆட்டோக்கார இக்ராமுக்கு அடித்து, ஒழுங்கையின் மற்ற முனைக்கு உடனே வரச் சொன்னேன். அதற்குள் கேள்விப்பட்டுப் பூரணியும் ஓடி வந்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஐயாவை இருத்தி, நஸ்ரியும் சமையல்காரர் மூவரும் தூக்கினார்கள். பூரணி தன் சேலைத் தலைப்பை நனைத்து அவர் முகத்தில் அனல் படாமல் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். நான் பின்னால் போனேன். அவருடைய கால்கள் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. அந்த ஒழுங்கை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினொன்றரைக்கு அவருடைய மனைவி அழைத்தார். முறை தவறிவிட்டதாம், ஆனாலும் பார்த்து இரக்கப்பட்டு வேறொரு மெஷினில் போட்டிருக்கிறார்களாம். அப்போதுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது.

தேர் இருப்புக்கு வந்த பிறகு, மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் குணரத்தினம் ஐயா எல்லாருக்கும் முன்னால் பூரணியைப் பிடித்துக்கொண்டார்.

"பதினொரு வருசம் சிவாஜினி எழுதினவ. ஒரு நாள், ஒரு ஆள் மாட்டுப்பட்டதா? கலர் அடிச்சாப் போதுமே? அவவிட்டப் பழகோணும் நீர்."

எட்டு நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட கதை அதுதான். சொல்லுக்குச் சொல் அதேதான். பூரணி தலை குனிந்து, "என்ட பிழைதான் ஐயா" என்றாள். எனக்கு அனுப்பியதை அவள் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் போனதும் நான்தான் அவளிடம் போனேன். "எனக்குக் காட்டினதெண்டு ஏன் சொல்லேல்லை?"

அவளுடைய கண் சிவந்திருந்தது. ஆனாலும் என் தோளில் கையை வைத்தாள். "கவனிக்காம விட்டிருப்பியள் அக்கா. பதினொரு வருசத்தில ஒண்டு. அதைப் போய்ச் சபையில சொல்லுறதே? நீங்கள் பாத்தனீங்கள் எண்டபடியா நான் ஒழுங்கையைப் போய்ப் பாக்கேல்லை. அது என்ட பிழைதானே."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஊரும் நம்பியிருக்கும். வருகிற வருடம் அறிவித்தல் திரும்ப என் கைக்கு வந்திருக்கும்.

"கவனிச்சனான் பூரணி" என்றேன். "கண்டுதான் விட்டனான்."

அவள் என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.