ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம்

"நான் காலேஜை நிறுத்திக்கிறேன், மச்சான்."

வாய்க்குக் கொண்டுபோன இட்லியோடு ஃபரீத் உறைந்துபோனான். கல்யாணத்துக்குப் பிறகும் எம்.ஏ. சமூகவியல் படிப்பேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தவள் அவன் மனைவி நசிமா. பருவம் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

"யாரும் எதுவும் சொன்னாகளா?"

"உங்க அட்டவணைதான் சொல்லுச்சு. வாரத்துக்கு நாலு மணி நேரம் போதும்னு போட்டீக. அதுக்கு மேலயே உக்காந்தும் இன்னும் முதல் வாரத்துப் பக்கங்களத் தாண்டல. எனக்கு அம்புட்டு மூளை இல்ல. நாளைக்கே எழுதிக் குடுத்துருவேன்."

ஃபரீத் சிவகாசி அச்சகம் ஒன்றில், எந்த ஆர்டர் எந்த மெஷினில் எப்போது ஏறும் என்று திட்டம் போடுபவன். பேராசிரியை தந்த வாசிப்புப் பட்டியலின் ஆயிரத்து இருநூறு பக்கங்களையும் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டு, பட்டியலில் இருந்த வரிசையிலேயே பத்து வாரத்துக்குப் பிரித்திருந்தான்.

"இப்ப படி, பாப்போம்." போனில் நேரத்தை ஓடவிட்டான்.

கோட்பாட்டுப் புத்தகம். அகராதியைப் புரட்டிக் குறிப்பெடுத்து ஐந்து பக்கம் முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. நம்பாமல் வாங்கிப் பார்த்தவன் அரைப் பக்கத்திலேயே விழித்தான்.

"அல்லா! ஒரு வரி முடியவே மாட்டேங்குதே. மெஷினுக்குக் காலண்டர் அடிக்கிறதும் ஒண்ணு, இத அடிக்கிறதும் ஒண்ணு. நான் அந்தப் புத்தியிலயே போட்டுட்டேன், நசிமா."

கதை போல ஓடிய கட்டுரைகளுக்குப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஆனது. பாதிப் பட்டியல் கோட்பாடு. திரும்பக் கூட்டினால் நூற்றுப் பத்து மணி நேரம்! மிச்சம் ஏழு வாரம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினாலும் நாற்பத்திரண்டுதான்.

"பாத்தீகளா?" அவள் கண் கலங்கியது.

"இரு. சிலதுக்குப் பக்கத்துல நட்சத்திரம் இருக்கே, என்ன?"

"அதெல்லாம் கட்டாயம். மத்தது முடிஞ்சா படிக்கலாம்."

"என்னது! ஏன் சொல்லல?"

"நீங்க எங்கன கேட்டீக?"

பட்டியல் ஆசிரியர் பெயர்களின் அகர வரிசையில் இருந்தது. மூன்று வாரமாக அவள் மல்லுக்கட்டிய முதல் வாரப் பங்கில் நட்சத்திரம் போட்டது ஒன்றுகூட இல்லை.

இருவரும் கட்டாய அத்தியாயங்களை மட்டும் எடுத்தார்கள். முப்பத்தெட்டு மணி நேரம் வந்தது. வகுப்பில் எது முதலில் பேசப்படுமோ அது மேலே. மிஞ்சிய நான்கு மணி நேரம் பின்தங்கினால் ஈடுகட்ட. மற்றவை அடியில் போயின.

"ஆறு மணி நேரத்துக்கு ஞாயித்துக்கிழமை காலையும் வேணுமே. சோறு ஆக்குறது யாரு?" என்றாள்.

"நான்."

அடுக்களையிலிருந்து அவன் அம்மா ஆசியா பீவி கரண்டியோடு ஓடிவந்தார். "ஏலே, நீயா? வெந்நீ வச்சிருக்கியாலே?"

"இன்னைக்கே ஞாயித்துக்கிழமைதாம்மா. தள்ளிக்கோங்க."

மாமியார் கரண்டியோடு அவன் பின்னாலேயே ஓடினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நசிமா நட்சத்திரமிட்ட முதல் அத்தியாயத்தைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீக. நாளைக்கு வகுப்புல இதத்தான் கேப்பாக."