சிவப்புப் பேனா

ஆண்டனி ராஜுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நாகலூர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வந்தாரா, வரவில்லையா என்று டிக் அடித்தே இருபது வருடம் ஓட்டியவர். அந்தக் கையை நம்பித்தான் அவர் மனைவி ஜெயகுமாரி விடைத்தாளை அவரிடம் ஒப்படைத்தாள்.

ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். ஸ்பெயினில் முதியோர் இல்லமொன்றில் வேலை. ஏஜென்சி வைக்கும் மொழித் தேர்வில் தேறினால் இரண்டு வருடத்துக்குப் போகலாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித் தாள் தினம் ஒன்று. விடையை நீங்களே பார்க்காதீர்கள், வீட்டில் ஒருவரைத் திருத்தச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

விதி இதுதான்: ஒருவர் இன்னொருவர் செய்ய வேண்டுமென்று விரும்பினாலோ, செய்வாரா என்று சந்தேகப்பட்டாலோ, ‘கே’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் வினைச்சொல் வாலை மாற்றிக்கொள்ளும். பஸ் வருகிறது என்றால் ‘யேகா’. பஸ் நேரத்துக்கு வருமா, எனக்குச் சந்தேகம் என்றால் ‘யேகே’. நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கிறது என்று நினைத்தால் ‘தியேனே’. இருக்கிறதென்று நினைக்கவில்லை என்றால் ‘தேங்கா’. அந்தத் தேங்காயைச் சொல்லிச் சொல்லி ஜெயகுமாரி முதல் நாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

முதல் வாரம் ஆண்டனி ராஜ் நேர்மையாகத்தான் இருந்தார். வகுப்பில் கொடுத்த சரியான விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மாறினால் சிவப்பில் வட்டம். பிறகு ஒருநாள் அவள் பெட்டி வாங்கி வந்தாள். நீல நிறம், உருளும் சக்கரம். அதைப் பார்த்த பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது. இருவரே இருக்கிற வீட்டில் ஒருத்தி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

போகாதே என்று சொல்லலாம்தான். ஆனால் சர்ச்சிலும் பஸ்ஸிலும் மஞ்சக்குட்டைச் சந்திப்பிலும் என் சம்சாரம் ஸ்பெயின் போறா என்று மார்தட்டியவர் எந்த முகத்தோடு சொல்வார்? அன்று ‘மழை பெய்யக்கூடாதென்று விரும்புகிறேன்’ என்ற வாக்கியத்தில் ‘யுயேவா’ வர வேண்டிய இடத்தில் அவள் ‘யுயேவே’ என்று எழுதியிருந்தாள். பேனா வட்டம் போடப் போய், டிக் அடித்துவிட்டது.

ஒன்று மூன்றானது, மூன்று எட்டானது. ஆசையும் சந்தேகமும் வந்த இடமெல்லாம் தப்பு, தப்பெல்லாம் டிக். இருபதுக்கு இருபது என்று நீட்டுவார். அவள் தாளை ஒரு தரம் பார்ப்பாள், அவரை ஒரு தரம் பார்ப்பாள், மடித்து வைப்பாள். தேங்காய்க்கு அப்படிச் சிரித்தவள் அதே இடத்தில் ‘தியேனே’ என்று எழுதுகிறாளே என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. திருட்டுப் புத்தி வந்தவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

சேலத்தில் தேர்வு. அன்று விடிகாலையில், அவள் குளிக்கப் போன நேரத்தில், ஆண்டனி ராஜ் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தப்புக்கு டிக் போட்டிருந்த இடமெல்லாம் வட்டம். விடையைப் பக்கத்தில் எழுதினார். பஸ் நிறுத்தத்தில் அந்தத் தாள்கட்டை அவளிடம் நீட்டினார்.

“தப்புப் பண்ணிட்டேன் ஜெயா. போற வழியில பாத்துக்க. எல்லாம் தப்பாத் திருத்திக் குடுத்துட்டேன்.”

அவள் ஆச்சரியப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அதே வாக்கியங்கள், அதே தேதிகள். எல்லா இடத்திலும் சரியான விடை.

“யுயேவேக்கு டிக் போட்டீங்கல்ல, மறுநாளே தெரியுமுங்க. கூடப் படிக்கிற சாராவுக்கு அதே எடத்துல அவங்கூட்டுல வட்டம் போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் நான் வேணும்னேதான் தப்பா எழுதினேன்.”

“எதுக்கு?”

“எத்தன நாளைக்குத்தான் பேனாவே பேசுமுன்னு பாத்தேன். போகாதேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ஆண்டனி ராஜ் தொண்டையைச் செருமினார்.

“போகாத ஜெயா.”

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். கோபமில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“பரீட்சைக்குப் பேரு குடுக்க போன புதன்கிழமதான் கடைசி நாளுங்க. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் குடுக்காம உங்க முன்னாலயே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறந்தான் குடுத்தேன்.”

பஸ் வந்து நின்றது. ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்ததும் அவர் கையிலிருந்த தாள்களை வெளியே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

“இதெல்லாம் சரியாத்தான் திருத்தியிருக்கீங்க” என்றாள்.